ஆடிப்பெருக்கில் தொடங்கி மார்கழியில் முடியும் வருடம்

2026-ஆம் வருடத்தை நாங்கள் முடித்துவிட்டோம். கடைசி லோடும் போன வாரம் ஏறிவிட்டது. ஊரே புத்தாண்டுக்குக் காத்திருக்கிறது. எங்கள் அச்சகத்திலோ அந்த வருடத்தின் எல்லா நாளையும் படித்து, திருத்தி, அடித்து, அடுக்கி, தைத்து அனுப்பியாயிற்று. பொங்கல் வியாழக்கிழமை. அதிலிருந்து ஞாயிறு வரை தொடர்ந்து நாலு நாள் லீவு என்பது எங்களுக்குச் சித்திரையிலேயே தெரியும். தைப்பூசமும் தீபாவளியும் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்திருப்பதும் அப்போதே தெரியும். "தீபாவளியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போடக் கூடாதா?" என்று ஆர்டர் கொடுக்க வந்த ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி கேட்டார். நாங்கள் அச்சடிக்கிறவர்கள்தான், பஞ்சாங்கம் கணிக்கிறவர்கள் இல்லை என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

இந்த வருடத்துக்கு நன்றி சொல்லி எழுத வேண்டும் என்று முதலாளி சொன்னார். மொத்தமாக எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வரியில் முடித்தால் யாருக்கும் போய்ச் சேராது. ஒரு தினசரி காலண்டர் தப்பில்லாமல் வெளியே போவதற்கு யார் யார் எந்த இடத்தில் எதைப் பார்த்தார்கள் என்று சொன்னால்தான் நன்றி உரியவரிடம் போகும். நான் வேலை செய்வது கம்ப்யூட்டர் செக்‌ஷனில். பக்கம் கட்டி, பிளேட்டுக்கு அனுப்புவது வரை எங்கள் பொறுப்பு. அங்கிருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

சிவகாசியில் ஆடி 18 அன்று மாதிரி ஆல்பம் போடுவது வழக்கம். இந்த வருடம் அது ஆகஸ்ட் 3, ஞாயிறு. அன்று பூஜை போட்டு ஆல்பத்தை ஏஜெண்டுகள் கையில் கொடுத்துவிட்டால் மார்கழி வரை மூச்சு விட நேரமில்லை. ஆல்பத்தில் சாமி படங்கள் தனி உலகம். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் போட்ட முருகனும் மீனாட்சியும் இன்றைக்கும் கேட்டு வாங்கப்படுகிறார்கள். அவர் 1976-இல் காலமானவர். இத்தனை வருடம் கழித்தும், "அந்தப் பழைய முகம்தான் வேணும், புது முகம் வேண்டாம்" என்று மளிகைக்கடைக்காரர்கள் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் படத்தை விரும்பி வாங்குகிறவர்கூட வீட்டில் தினமும் பார்ப்பது அதன் கீழே தொங்கும் தாள் கட்டைத்தான். உள்ளங்கை அளவுத் தாள். அதில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், அவை முடிகிற நேரம், சூரிய உதயம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், பரிகாரம், சந்திராஷ்டமம், ராசிபலன் என்று அத்தனையும் இருக்க வேண்டும். ஒரு பெரிய தாளில் 16 தேதிகளை அடுக்கி அடிக்கிறோம். அப்படி 23 பெரிய தாள். 16-ஐ 23-ஆல் பெருக்கினால் 368 இடம் வரும். 365 நாள் போக மூன்று இடம் மிச்சம். ஒன்று முகப்புத் தாள், ஒன்று விடுமுறைப் பட்டியல். மூன்றாவதில் என்ன போடுவது என்று வருடா வருடம் ஒரு சண்டை நடக்கும். இந்த வருடம் ஜெயித்தவர் மனையடி சாஸ்திரம் கேட்ட பைண்டிங் அக்கா.

இந்த 365 தாளையும் வரி வரியாகப் படித்தால் தப்பு கண்ணில் படாது. முதல் பத்து நாள் கவனமாகப் படிப்போம். அப்புறம் கண் போகும், மனசு போகாது. புரூஃப் பார்க்கும் எங்கள் பெரிய அண்ணாச்சிக்கு அதனால் வேறு முறை. அவர் தேதி வரிசையில் படிக்கவே மாட்டார். வியாழக்கிழமைகளை மட்டும் எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்புவார். கிழமையைப் பொறுத்து வருகிற விஷயங்கள் எல்லா வியாழனிலும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ராகு காலம் 1.30 முதல் 3 மணி, எமகண்டம் 6 முதல் 7.30, குளிகை 9 முதல் 10.30, சூலம் தெற்கு, பரிகாரம் தைலம். வருடத்தில் 52 வியாழன் என்றால் 52 தாளிலும் அந்த இடம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். 2026-இல் ஜனவரி 1, டிசம்பர் 31 இரண்டுமே வியாழன் என்பதால் இந்தக் கிழமைக்கு மட்டும் 53. ஒரு தாளில் மட்டும் 'மேற்கு' என்று இருந்தால் படிக்காமலே கண்ணில் குத்தும். மேற்கு வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் உரியது, அதற்குப் பரிகாரம் வெல்லம்.

கிழமை முடிந்ததும் நட்சத்திரத்துக்கு வருவார். 27 நட்சத்திரமும் வரிசை மாறாமல் சுற்றி வரும். நாளுக்கு ஒன்று என்று கச்சிதமாக வராது. சில நாள் ஒரே நட்சத்திரம் இரண்டு உதயத்தைப் பார்த்துவிடும், சில நாள் ஒன்று உதயத்தையே பார்க்காமல் போய்விடும். ஆனால் சந்திராஷ்டமம் நட்சத்திரத்தோடு கட்டப்பட்டது. யாருடைய ஜன்ம நட்சத்திரத்திலிருந்து எண்ணினால் இன்றைய நட்சத்திரம் பதினேழாவதாக வருகிறதோ, அவருக்கு இன்று சந்திராஷ்டமம். இன்று அசுவினி என்றால் உத்திரத்துக்காரர் கவனமாக இருக்க வேண்டும். இன்று ரோகிணி என்றால் சுவாதிக்காரர். இந்த 27 ஜோடியையும் ஒரு அட்டையில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். அசுவினித் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்து உத்திரம் இருக்கிறதா என்று பார்ப்பார், அப்புறம் பரணி. இரண்டு நாளில் முடித்துவிடுவார். எங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு இந்த அட்டையைத்தான் முதலில் கொடுக்கிறார். அவர் எங்களுக்குச் செய்த உதவிகளில் இதுதான் பெரிது என்று நினைக்கிறேன்.

இந்த இரண்டு முறைக்கும் பிடிபடாதது திதி, நட்சத்திரம் முடிகிற நேரம். அது எதற்கும் திரும்பி வராது, ஒவ்வொரு நாளும் புதிது. பஞ்சாங்கத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆக வேண்டும். இந்த வருடத்துக் கதை அங்கேதான் நடந்தது.

நாங்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறோம். திருக்கணிதம் பார்க்கிறவர்களும் நிறைய உண்டு. இரண்டுக்கும் திதி முடிகிற நேரம் சில நாள் மணிக்கணக்கில் வித்தியாசப்படும். "பக்கத்து வீட்டுக் காலண்டர்ல வேற நேரம் போட்டிருக்கே" என்று போன் வந்தால் முதலில் அந்தக் காலண்டர் எந்தப் பஞ்சாங்கம் என்றுதான் கேட்போம். எதைப் பின்பற்றினாலும் வருடம் முழுக்க ஒன்றையே பின்பற்ற வேண்டும், நடுவில் கலக்கக் கூடாது. வாக்கியத்தில் நேரம் நாழிகையில் இருக்கும். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம், ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. எண்ணத் தொடங்குவது அன்றைய சூரிய உதயத்திலிருந்து. உதயம் 6.04 என்று வைத்துக்கொள்ளுங்கள். திதி 21 நாழிகை 15 விநாழிகை இருக்கிறது என்றால் 8 மணி 30 நிமிஷம். உதயத்தோடு கூட்டினால் பிற்பகல் 2.34.

முன்பெல்லாம் இதைப் பேப்பரில் கணக்குப் போட்டார்கள். இந்த வருடம் எங்கள் செக்‌ஷன் தம்பி ஒருவன் முழு வருடத்தையும் எக்செல் தாளில் ஏற்றினான். நல்ல வேலை அது. எக்செலில் ஒரு நாள் என்பது 1. ஆகவே நாழிகையை 60-ஆல் வகுத்தால் போதும், நிமிஷமாக மாற்றக்கூட வேண்டாம். சித்திரை முதல் வாரத்தை எடுத்துக் கையால் போட்ட கணக்கோடு ஒத்துப் பார்த்தோம். இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் எங்கும் வித்தியாசம் இல்லை. அந்த அளவு விநாழிகையை முழுதாக்குவதில் வருகிறதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

ஜனவரித் தாள்கள் அண்ணாச்சி மேசைக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் ஒரு தாளோடு எழுந்து வந்தார்.

"தம்பி, இந்த நாளுக்கு உதயம் எத்தனை மணி?"

"6.34 அண்ணாச்சி."

"திதி எத்தனைக்கு முடியுது?"

"6.24."

"உதயத்துல எந்தத் திதி இருக்கோ அதுதானே அந்த நாளோட திதி? இது உதயத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே முடிஞ்சு போச்சே. அப்புறம் எப்படி இந்தத் தாளுக்குள்ள வந்து உக்காந்தது?"

செக்‌ஷனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தால் அந்த நாளுக்குத் திதி 1 நாழிகை. அதாவது உதயத்துக்கு அப்புறம் 24 நிமிஷம். 6.34-ஓடு கூட்டினால் 6.58. எங்கள் தாளில் 6.24 வந்திருக்கிறது என்றால் கணக்கு 6 மணியிலிருந்து எண்ணியிருக்கிறது. தம்பி எக்செலைத் திறந்து காட்டினான். உள்ளே இருந்தது இது:

```
=TIME(6,0,0)+D2/60
```

D என்பது நாழிகைக் கட்டம். உதயத்துக்கு C என்று தனிக் கட்டம் இருக்கிறது. தாளில் உதய நேரம் அச்சாவது அங்கிருந்துதான். ஆனால் கணக்கு அதைத் தொடவே இல்லை. வேண்டியது இது:

```
=C2+D2/60
```

இந்த 6 மணி எங்கிருந்து வந்தது என்பதை நாங்கள் உட்கார்ந்து பேசினோம். அது சோம்பேறித்தனத்தில் வந்ததில்லை. அதே எக்செலில் ராகு காலமும் இருக்கிறது. காலண்டரில் போடும் ராகு காலம் பகலை 6-க்கு 6 என்று வைத்து, 12 மணி நேரத்தை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கும் ஒன்றரை மணி என்று போடுவது. எல்லோருக்கும் பழகிய கணக்கு. அங்கே 6 மணி சரி. அதை வைத்தே திதிக்கும் போட்டிருக்கிறான். ஒரு தாளுக்குள்ளேயே ஒரு வரி நிலையான 6 மணியை வைத்து ஓடுகிறது, அடுத்த வரி உண்மையான உதயத்தை வைத்து ஓடுகிறது. புதிதாக வருகிற யாருக்கும் இது தட்டும்.

இன்னொன்றும் விளங்கியது. நாங்கள் ஒத்துப் பார்த்த சித்திரை முதல் வாரத்தில் சென்னை உதயமே 6 மணியை ஒட்டித்தான் இருக்கிறது. ஆவணியிலும் புரட்டாசியிலும் அப்படியே. அந்த மாதங்களில் எத்தனை தடவை சோதித்தாலும் தப்பு ஒளிந்துகொள்ளும். தையில் அரை மணிக்கு மேல் முன்னால் காட்டும். வைகாசியில் உதயம் 5.42 வரை வந்துவிடுவதால் அங்கே பதினெட்டு நிமிஷம் பின்னால் காட்டும். சோதிக்க வேண்டியது உதயம் 6 மணிக்கு மிகத் தள்ளிப் போகும் தை மாதத்தையும் வைகாசியையும்தான். இப்போது எங்கள் சுவரில் அப்படியே எழுதி ஒட்டியிருக்கிறோம்: முதல் புரூஃப் தை, இரண்டாவது வைகாசி, அப்புறம்தான் மற்றது. கூடவே ஒரு வரி: எந்தத் தாளிலும் திதி முடிவு உதயத்துக்கு முன்னால் இருக்கக் கூடாது.

கட்டத்தைத் திருத்துவது ஒரு நிமிஷ வேலை. ஆனால் 365 தாளிலும் நேரம் மாறிவிட்டதே! இரவு 11.50 என்று இருந்தது 12.24 ஆகும்போது 'இரவு' என்ற சொல் 'நள்ளிரவு' ஆக வேண்டும். தமிழ் நாள் என்பது உதயத்திலிருந்து உதயம் வரை. ஆங்கிலத் தேதியோ நள்ளிரவில் மாறிவிடுகிறது. அதனால் 12 மணி தாண்டிய நேரத்துக்கெல்லாம் 'நள்ளிரவு', 'பின்னிரவு' என்று சரியாகச் சொல்லாவிட்டால் படிக்கிறவர் முந்தின நாளோடு குழப்பிக்கொள்வார். விரதம் இருக்கிறவர்களுக்கும் திதி கொடுக்கிறவர்களுக்கும் அது சின்ன விஷயமில்லை. மொத்தத்தையும் மறுபடி படித்தோம். ஒருவர் பஞ்சாங்கத்தை வாசிக்க, இன்னொருவர் தாளில் டிக் அடிக்க, ஜோடி ஜோடியாக உட்கார்ந்தோம். அக்கவுண்ட்ஸ் அக்காகூட வந்து வாசித்துக் கொடுத்தார். அவர் வாசிக்கிற வேகத்துக்கு டிக் அடிக்க ஆளில்லை. தம்பியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணாச்சி அவனுக்கு ஒரு முட்டை போண்டா கூடுதலாக வாங்கிக் கொடுத்தார். பிளேட்டுக்குப் போகிறதற்கு முன்னால் பிடித்ததால் பேப்பரும் மையும் வீணாகவில்லை. தாள் அச்சாகி அடுக்கியபின் தெரிந்திருந்தால் மொத்தத்தையும் பழைய பேப்பர் கடைக்குத்தான் போட்டிருக்க வேண்டும்.

விலாச செக்‌ஷனைப் பற்றிச் சொல்லாமல் போனால் அவர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். காலண்டர் அட்டையில் கடைப் பெயரும் விலாசமும் போன் நம்பரும் அடிக்கிற இடம் அது. பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் கடைக்காரரே புரூஃபில் பார்த்துவிடுவார். தன் போன் நம்பரை மட்டும் எவரும் சரிபார்ப்பதில்லை. மனசில் பதிந்துவிட்டதால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே விலாச செக்‌ஷன் தங்கைகள் புரூஃபில் அச்சாகியிருக்கிற நம்பரைப் பார்த்து அதையே டயல் செய்வார்கள். ஆர்டர் புக்கைப் பார்த்து அடிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆர்டர் புக்கில் சரியாக இருந்து புரூஃபில் தப்பாக இருந்தால் புக்கைப் பார்த்து அடிப்பதால் என்ன பயன்? கடைக்காரர் எடுத்தால் ஓகே. இந்த வருடம் ஒரு பாத்திரக்கடை நம்பரை அடித்தபோது ஒரு பாட்டி எடுத்தார். ஒரு இலக்கம் மாறியிருந்தது. விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டதும், "காலண்டர் ஆபீஸா? அப்ப எனக்கு ஒண்ணு அனுப்பேன் தாயி, எழுத்து பெருசா இருக்கிறதா" என்றார். தங்கை விலாசம் வாங்கி, பெரிய எழுத்துக் காலண்டர் ஒன்றைத் தன் செலவில் அனுப்பினாள். கிடைத்ததும் பாட்டி அதே நம்பரிலிருந்து கூப்பிட்டு ராசிபலன் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். அதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை என்றால் மிஷின் ரூமுக்குச் சோதனைக் காலம். சிவகாசி காய்ந்த ஊர். மழை குறைவு என்பதால்தான் இங்கே தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வளர்ந்தன. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்க வேண்டியிருந்ததால் அச்சும் பின்னாலேயே வந்தது. அந்தக் காய்ந்த ஊருக்கும் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், அதுவும் காலண்டர் வேலை உச்சத்தில் இருக்கும்போது. பேப்பர் ஈரத்தை உறிஞ்சும். அடுக்கின் ஓரங்கள் மட்டும் காற்றோடு தொடுவதால் ஓரம் நீண்டு அலை அலையாகிவிடும், நடு அப்படியே இருக்கும். அந்தத் தாள் மிஷினுக்குள் போகும்போது நாலு கலரும் ஒரே இடத்தில் உட்காராது. முருகனுக்கு உதட்டுச் சிவப்பு உதட்டுக்கு வெளியே போய்விடும்.

மிஷின்மேன் அண்ணன் இதைத் தாள் ஓரத்தில் இருக்கும் கூட்டல் குறிகளை வைத்துக் கண்டுபிடிப்பார். நாலு கலருக்கும் நாலு குறி ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஒரே கறுப்புக் கோடாகத் தெரிய வேண்டும். லென்ஸை வைத்துப் பார்த்தால் கோட்டுக்குப் பக்கத்தில் மெல்லியதாக ஒரு நீலமோ மஞ்சளோ எட்டிப் பார்க்கும். அது எல்லாத் தாளிலும் ஒரே அளவு விலகியிருந்தால் பிளேட்டைத் திருகிச் சரிசெய்யலாம். ஒரு மூலையில் சரியாகவும் மறு மூலையில் விலகியும் இருந்தால் தப்பு பேப்பரில். பிளேட்டை எவ்வளவு திருகினாலும் தீராது. அப்போது அவர் மிஷினை நிறுத்திவிடுவார். ரீமைச் சுற்றியிருக்கும் உறையை முந்தின நாளே பிரித்து வைக்கிற பழக்கத்தை இந்த வருடம் அவர்தான் நிறுத்தினார். போடுகிற நேரத்தில்தான் பிரிக்க வேண்டும், மிச்சத்தைப் பாலித்தீனால் மூட வேண்டும் என்று கண்டிப்பு. மழை நாளில் மையும் சீக்கிரம் காயாது. அடித்த தாளை உயரமாக அடுக்கினால் கீழ்த் தாளின் மை மேல் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அடுக்கின் உயரத்தைப் பாதியாகக் குறைத்து, பவுடர் கொஞ்சம் கூட்டி அடித்தார். வேலை மெதுவாகத்தான் போனது. ஏஜெண்டுகள் போன் மேல் போன் போட்டார்கள். அந்தப் போன்களை எல்லாம் வாங்கிக்கொண்டு மிஷின் ரூம் கதவை அடைத்து வைத்த மானேஜர் சாருக்கும் இதில் பங்கு உண்டு. தமிழக அரசின் விடுமுறைப் பட்டியல் வரும்வரை சில தாள்களைப் பிளேட் போடாமல் நிறுத்தி வைத்ததும் அவர் பிடிவாதம். அதுவும் நல்லதாகவே முடிந்தது.

கடைசியாக பைண்டிங். 368 கட்டுகளை நீள மேசையைச் சுற்றி அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு தாள் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள் எங்கள் அக்காக்கள். ஒரு சுற்றுக்கு ஒரு காலண்டர். ஈரத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒரே தேதி இரண்டு தடவை வரும், விரல் வழுக்கினால் ஒரு நாளே காணாமல் போகும். நிறுத்துப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். 7 செ.மீ.க்கு 10 செ.மீ. தாள், 50 ஜி.எஸ்.எம். பேப்பர் என்றால் ஒரு தாள் 0.35 கிராம். மொத்தக் கட்டு 130 கிராமை ஒட்டி வரும். ரீமுக்கு ரீம் பேப்பரின் எடையே அதைவிட அதிகம் வித்தியாசப்படும். மழை நாளில் சொல்லவே வேண்டாம். தராசு ஒரு நாள் குறைந்ததைக் காட்டிக் கொடுக்காது.

அதனால் தாளின் மேல் ஓரத்தில், தைக்கிற இடத்தில், 2 மி.மீ. அகலத்துக்குச் சின்னக் கறுப்புக் கோடு ஒன்று வைத்திருக்கிறோம். ஒன்றாம் தேதிக்கு இடது கோடியில், இரண்டாம் தேதிக்கு அதற்கு அடுத்து, இப்படி 31 வரை நகர்ந்து, அடுத்த மாதம் மறுபடி இடது கோடிக்கு வரும். கட்டை அடுக்கி மேல் ஓரத்தைப் பார்த்தால் பன்னிரண்டு சாய்ந்த கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். எங்காவது ஒரு தாள் விடுபட்டால் சாய்வில் ஒரு பல் இல்லாதது போல இடைவெளி விழும். மூத்த அக்கா கட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்புவார். "கார்த்திகைல ஒண்ணு போச்சு" என்பார். கட்டை அவிழ்த்து எண்ணிப் பார்ப்போம், போயிருக்கும். அவர் மகள் இந்த வருடம் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். சேர்க்கைக்காக அவர் லீவு போட்ட நாட்களில் நாலு பேர் சேர்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். அப்போதுதான் அவர் எவ்வளவு செய்துகொண்டிருந்தார் என்பது எங்களுக்கு உறைத்தது. அக்கா, நன்றி.

வெட்டு மிஷின் மாமாவுக்கும், தகரப்பட்டை அடிக்கிற பையன்களுக்கும், மதியச் சாப்பாட்டுக்கு வருடம் முழுக்க ரசத்தில் மிளகு குறையாமல் பார்த்துக்கொண்ட சமையல் அம்மாவுக்கும், இரவு ஷிப்ட் முடிந்து பெண்களை வீடு வரை கொண்டுவிட்ட வேன் டிரைவர் அண்ணனுக்கும் நன்றி. மிஷின் ரிப்பேருக்கு மதுரையிலிருந்து மழையில் நனைந்து வந்த மெக்கானிக் ஐயா எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லை; இந்த வருடம் நடந்ததில் அவருக்கும் பங்கு இருக்கிறது. அவருக்குப் பெரிய எழுத்துக் காலண்டரும் மாதக் காலண்டரும் எடுத்து வைத்திருக்கிறோம்.

எல்லோருக்கும் தலைக்கு ஐந்து காலண்டர் கவுண்டரில் கட்டி வைத்தாயிற்று, பெயர் எழுதி. பொங்கலுக்குள் வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதலாக வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். பங்குனியில் சொந்தக்காரர் போன் செய்து "ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்கும்போது கோடவுனில் ஒன்றும் இருக்காது. அந்த நேரம் எங்கள் மேசையில் 2027-இன் தை மாதம் கிடக்கும், அண்ணாச்சி முதல் புரூஃபுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருப்பார்.